தால் பாத் தட்டும் சௌத்தாரித் திண்ணையும்

"அடுத்த மாதம் போக்ராவிலிருந்து அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்கப் போறோம். வழிகாட்டி அனுப்பின பயணக் குறிப்புல தால் பாத், சவுதாரி, உகாலோ, தேவுராலின்னு நிறைய நேபாளிச் சொல் இருக்கு. தால் பாத்னா பருப்புச் சாதம்னு புரியுது. மத்ததெல்லாம் என்ன? எதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்?"

புரிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் முதல் சறுக்கல். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வருடங்களாகக் கோவையிலிருந்து சிறு குழுக்களை அன்னபூர்ணா பக்கம் அழைத்துப் போகிறேன். என் நேபாளி, விடுதி நடத்தும் அக்காக்களிடமும் சுமை தூக்கும் அண்ணன்களிடமும் கற்றது. அந்தப் பக்கத்து ஊர்களில் பலருக்கு வீட்டு மொழி குருங் அல்லது மகர். நேபாளி அவர்களுக்கும் பொதுமொழிதான். எவரெஸ்ட் பக்கத்து ஷெர்ப்பா மொழி எனக்குத் தெரியாது. அங்கே போகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தால் என்றால் பருப்பு, பாத் என்றால் சோறு. ஆனால் சேர்த்துச் சொன்னால் பருப்புச் சாதம் இல்லை. நம் ஊரில் 'சாப்பாடு' என்று பலகை போட்டிருந்தால் என்ன வருமோ, அதுதான். நடுவில் சோறு, ஒரு கிண்ணத்தில் தண்ணீராக ஓடும் பருப்பு, பக்கத்தில் தர்க்காரி எனும் காய்கறிக் குழம்பு, சாக் எனும் கீரை, அச்சார் எனும் தொடுகறி. சில நாள் ஒரு அப்பளம். பருப்பைச் சாம்பார் என்று நினைத்துவிடாதீர்கள். புளி கிடையாது. நெய்யில் ஜிம்பு போட்டுத் தாளித்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முஸ்தாங் பக்கத்து மேட்டு நிலங்களில் வளரும் ஒரு காட்டு வெங்காய வகையின் காய்ந்த தாள் அது. பார்த்தால் வைக்கோல் துணுக்கு மாதிரி இருக்கும், நெய்யில் விழுந்ததும் பூண்டும் வெங்காயமும் சேர்ந்த வாசனை எழும்.

தமிழ்க்காரர்களுக்கு இந்தச் சோற்று விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்றாகப் பிரிப்பதைப் போலவே அவர்களும் தான், சாமல், பாத் என்று பிரிக்கிறார்கள். வயலில் நிற்பது தான், மூட்டையில் இருப்பது சாமல், தட்டில் விழுவது பாத். இடித்துத் தட்டிய அவலுக்குச் சியுரா. கடையில் போய் 'பாத் ஒரு கிலோ' என்று கேட்டால் சிரிப்பார்கள், நம் ஊர் மளிகைக் கடையில் ஒரு கிலோ சோறு கேட்ட மாதிரி. உச்சரிப்பில் ஒன்று: 'பாத்'தின் முதல் எழுத்தை மூச்சோடு, கனமாகச் சொல்லுங்கள். நம் 'பாட்டு' போல மெலிதாகச் சொன்னால் அது இலை என்று பொருள்படும் வேறு சொல். இலை கேட்டாலும் சோறுதான் கொண்டுவருவார்கள், ஆனால் அடுக்களையில் ஒரு சிரிப்பலை போகும்.

இன்னொரு சொல் கானா. அகராதியில் 'உணவு'. வழக்கில் பாத் இருக்கும் சாப்பாட்டுக்குத்தான் கானா என்று பெயர். நீங்கள் இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாலும், 'கானா கானுபயோ?', அதாவது சாப்பிட்டீர்களா, என்று கேட்டால் 'இல்லை' என்பதுதான் சரியான பதில். நூடுல்ஸ், மோமோ, அவல், சோளப்பொரி எல்லாம் காஜா, நம் டிபன். மலைக் கிராமத்து வீடுகளில் பாத் நாளுக்கு இரண்டு முறை, காலை பத்து மணியை ஒட்டி ஒன்று, இருட்டிய பின் ஒன்று. நடுவில் காஜா. உங்களோடு வரும் சுமைதூக்கி காலை ஏழு மணிக்கு வெறும் தேநீரோடு கிளம்பிவிட்டு, பத்தரைக்கு ஒரு கடையில் நின்று முழுச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்த்து 'இவ்வளவு சீக்கிரம் மதியச் சாப்பாடா' என்று எங்கள் குழுக்களில் வருடா வருடம் யாராவது கேட்பார்கள். அது அவருடைய முதல் வேளை.

தால் பாத் மட்டும்தான் விடுதிகளில் மறுபடி மறுபடி போடப்படும் உணவு. சோறு, பருப்பு, காய் மூன்றும் பொதுவாகக் கேட்காமலே வரும். அப்பளமும் இறைச்சியும் ஒரு தடவைதான். இன்னும் வேண்டுமென்றால் 'தபிதினுஸ்', கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். போதுமென்றால் 'புக்யோ'. இந்தப் புக்யோவுக்கு இரண்டு வேலை. வயிறு நிறைந்தாலும் புக்யோ, ஊர் வந்து சேர்ந்தாலும் புக்யோ. வாயால் சொல்வது போதாது, தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டுங்கள். இல்லையென்றால் கரண்டி நிற்காது.

'தால் பாத் பவர், 24 ஹவர்' என்று பனியன்களில் அச்சடித்து விற்கிறார்கள். அது கடைக்காரர்களின் வேடிக்கை. ஒரு வேளை சாப்பாட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் நடப்பதில்லை. அதைவிடப் பெரிய தவறான எண்ணம், தால் பாத் மலைகளின் ஆதி உணவு என்பது. நெல் விளைவது கீழே, பள்ளத்தாக்கு வயல்களிலும் தராயிச் சமவெளியிலும். மேலே போகப் போகச் சோளம், கேழ்வரகு, பக்வீட் எனும் தானியம், பார்லி, உருளைக்கிழங்கு. ஆகவே மேட்டுக் கிராமங்களில் அரிசிச் சோறு வெகுகாலம் விருந்துக்கும் வசதிக்கும் அடையாளம், அன்றாடம் டிண்டோ. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி மரக்கோலால் கிண்டிக் கிண்டி இறுக்குவது. களி என்று சொன்னால் உங்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். சாப்பிடும் விதமும் அதேதான். விரலால் ஒரு துண்டு கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது. உடன் குந்த்ருக் இருக்கும். கடுகு, முள்ளங்கிக் கீரைகளை வாடவைத்து, அமுக்கிப் புளிக்கவைத்து, காயவைத்து எடுத்தது. அதன் சூப்பின் புளிப்பு நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மூன்றாவது நாள் ரசம் இல்லாமல் தவிப்பவர்களுக்கு நான் அதைத்தான் வாங்கிக் கொடுப்பேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிண்டோ எந்த மாவில் என்று கேட்டால் 'கோதோ' என்பார்கள். இந்தியில் கோதோ என்றால் வரகு. நேபாளியில் கோதோ கேழ்வரகு. ஊர் திரும்பிய ஒருவர் 'நேபாளத்தில் வரகுக் களி சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தார். அவர் சாப்பிட்டது நம் ராகிக் களி. இந்தி தெரிந்தவர்கள் இப்படித்தான் சறுக்குவார்கள், தெரியாத நமக்கு அந்த ஆபத்து குறைவு. பக்வீட்டுக்கு அவர்கள் சொல் பாபர். அதில் இனிப்பு, கசப்பு என இரண்டு வகை. கசப்பு வகை பழகாத வாய்க்குக் கொஞ்சம் கஷ்டம்.

சாப்பாட்டோடு சேர்த்து ஜூட்டோ என்ற சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் என்பதன் நேர்ச்சொல். வாய் வைத்த தம்ளர், கை வைத்த தட்டு, நீங்கள் கடித்த ரொட்டித் துண்டு எல்லாம் ஜூட்டோ. பரிமாறுகிறவர் கரண்டியை உங்கள் தட்டில் படாமல் தூக்கிப் போடுவது அதனால்தான். தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக் குடிக்கும் நம் பழக்கம் அங்கே நல்ல பெயர் வாங்கித் தரும். சாவுத் தீட்டுக்கும் இதே சொல்தான், வீட்டில் ஜூட்டோ என்று யாராவது சொன்னால் எச்சிலைப் பற்றிப் பேசவில்லை.

இனி நீங்கள் கேட்ட 'சவுதாரி'. சௌத்தாரி என்று எழுதினால் ஒலி சரியாக வரும். பெரியதைச் சௌத்தாரோ என்பார்கள். அகராதி 'மரத்தடி மேடை' என்று சொல்லும். நம் ஆலமரத்தடித் திண்ணை உங்கள் கண்முன் வரும், அது பாதிதான் சரி. ஒரு சௌத்தாரியைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லை அடுக்கிக் கட்டியிருப்பார்கள், நடுவில் பெரும்பாலும் ஓர் அரசும் ஓர் ஆலும் ஜோடியாக. பாதையைப் பார்த்த பக்கத்தில் இரண்டு படி இருக்கும். கீழ்ப்படி உட்காரும் உயரம். மேல்படி அதற்கு மேலே, நிற்கிறவரின் இடுப்பை ஒட்டி. மேல்படி உட்காருவதற்கு இல்லை.

அது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் சுமைதூக்கியைப் பார்க்க வேண்டும். சுமைக்குப் பாரி, தூக்குகிறவர் பரியா, நம் 'பாரம்' என்ற சொல்லின் உறவு. சுமை இருப்பது டோக்கோ எனும் மூங்கில் கூடையில், வாய் அகலம், அடி குறுகல். கூடையைச் சுற்றி வந்து நெற்றியில் படிவது நாம்லோ எனும் பட்டை. தோளில் வார் கிடையாது, பாரம் முழுக்கத் தலையிலும் முதுகிலும். இந்தச் சுமையைத் தரையில் இறக்கினால் திரும்ப எழுப்ப இன்னொரு ஆள் வேண்டும். அதனால் பரியா சௌத்தாரிக்கு முதுகைக் காட்டி, ஓரடி பின்னால் வைத்து, முழங்காலை லேசாக மடிப்பார். கூடையின் அடி மேல்படியில் உட்கார்ந்துகொள்ளும். நாம்லோவை நெற்றியிலிருந்து நழுவவிட்டு, அப்படியே கீழ்ப்படியில் உட்கார்வார். கிளம்பும்போது பட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தால் போதும், சுமை கூடவே வந்துவிடும். எவருடைய உதவியும் வேண்டாம்.

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். நாம் தலையில் சுமந்தோம், அதனால் நம் கல் தலை உயரம். அவர்கள் முதுகில் சுமக்கிறார்கள், அதனால் அவர்கள் கல் இடுப்பு உயரம். கட்டிய காரணத்திலும் ஓர் ஒற்றுமை. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது நம் வழக்கம். அங்கே இறந்த அப்பா, அம்மா பெயரில் புண்ணியத்துக்காகச் சௌத்தாரி கட்டுகிறார்கள். பலவற்றில் பெயர் வெட்டிய பலகைக்கல் பதித்திருக்கும். ஆகவே உங்கள் பையைத் தூக்கி மேல்படியில் பரப்பிவிட்டு அதன்மேல் ஏறிப் படமெடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஆறு பேர் ஒருமுறை அப்படி வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்த ஒருவர் கூடையோடு நின்றபடியே காத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கு உறைக்க இரண்டு நிமிடம் ஆனது.

உயரம் கூடினால் அரசும் ஆலும் வளராது. அதற்கு மேல் மரமில்லாத கல்மேடைதான், பெயர் அதேதான். எவரெஸ்ட் பக்கம் மேடைக்குக் காத்திருக்காமல், தோக்மா எனும் 'T' வடிவக் கோலைக் கூடைக்கு அடியில் ஊன்றி நின்றபடியே இளைப்பாறுவார்கள். அங்கே சுமை தூக்குகிறவர்கள் எல்லாரையும் 'ஷெர்ப்பா' என்று அழைப்பது தவறு. அது ஓர் இனத்தின் பெயர், வேலையின் பெயர் இல்லை. ஆளை அழைக்க வேண்டுமானால் மூத்தவரைத் தாய், இளையவரைப் பாய், பெண்ணைத் தீதி அல்லது பஹினி என்று கூப்பிடுங்கள். தாய் என்றதும் திகைக்காதீர்கள், அங்கே அது அண்ணன்.

வழிச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு நாள் நடையோடு சேர்த்துப் படித்தால் தங்கும். கோரேபானி வழியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நயாபுல் புதுப்பாலம். அங்கிருந்து திக்கேடுங்கா, பெயரின் கடைசியிலுள்ள டுங்கா கல். சுமார் 1500 மீட்டர். அடுத்தது உல்லேரிக்கு ஏறும் படிகள், மூவாயிரத்துக்கு மேல். இதுதான் உக்காலோ, ஏற்றம். இறக்கம் ஓராலோ. மலைச்சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும் பாதை தேர்சோ. தேர்சோ என்று கேட்டதும் சமதரை என்று மகிழாதீர்கள். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மொத்தத்தில் அதே உயரத்தில் விடும். இப்போது ஜீப் பாதை உல்லேரிப் பக்கம் வரை வந்துவிட்டதால் பலர் படிகளைத் தவிர்க்கிறார்கள்.

உல்லேரிக்கு மேலே பன்தாண்டி, நாங்கேதாண்டி என்று இரண்டு இடம். பன் என்றால் காடு. தாண்டி என்பது வழிப்போக்கர் ஒதுங்கும் சாவடி. ஆகவே முதலாவது காட்டுச் சாவடி. இந்தச் சொல் நம் 'தாண்டி' இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. பிறகு கோரேபானி, குதிரைத் தண்ணீர், சுமார் 2860 மீட்டர். சரக்குக் குதிரைகள் நின்று நீர் குடித்த இடம். மறுநாள் தாடாபானி, தாடா என்றால் தொலைவு, தண்ணீர் தொலைவில் இருக்கும் ஊர். பெயரிலேயே தண்ணீர்க் கஷ்டம் தெரிகிறது. வழியில் ஒரு தேவுராலி வரும். முகாமுக்குப் போகும் பள்ளத்தாக்கில் இன்னொரு தேவுராலி வரும். குழம்ப வேண்டாம். தேவுராலி என்பது ஒரு மேட்டைத் தாண்டும் உச்சிக்குப் பொதுப்பெயர், வழிப்போக்கர் கல்லோ பூவோ வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கும் இடம். நேபாளத்தில் எத்தனையோ தேவுராலி உண்டு. வழி கேட்கும்போது பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோபான் இரண்டு ஆறு கூடுமிடம், நம் கூடுதுறை. மாச்சாபுச்சாரே மீன்வால், 6993 மீட்டர், அதில் ஏற அனுமதி கிடையாது. ஒரு விஷயம், உங்களுக்கு மலையாகத் தெரிவதையெல்லாம் அவர்கள் ஹிமால் என்று சொல்ல மாட்டார்கள். பனி நிரந்தரமாக நிற்பதுதான் ஹிமால். மற்றதெல்லாம், ஆனைமுடியைவிட உயரமாக இருந்தாலும், வெறும் டாண்டா அல்லது பஹாட்.

இத்தனை சொல்லிலும் ஒன்றைத்தான் கட்டாயம் என்பேன்: லேக் லாக்யோ. லேக் என்பது பனிக்கோட்டுக்குக் கீழே உள்ள உயர்ந்த மலைமுகடு. 'லேக் பிடித்துக்கொண்டது' என்றால் உயர நோய். எங்கள் பயணம் ஒன்றில், மீன்வால் அடிவார முகாமில், சுமார் 3700 மீட்டரில், எங்கள் பரியா பையன் ஒருவன் இரவு சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு 'லேக் லாக்யோ ஹோலா' என்றான். எங்களில் இந்தி தெரிந்த நண்பர் 'லேக்னா கட்டுரை, ஏதோ எழுத வேண்டியிருக்கிறதாம்' என்று விளக்கம் சொன்னார். சிரித்துவிட்டுப் படுத்துவிட்டோம். நள்ளிரவில் அவனுக்கு வாந்தி, நேர்கோட்டில் நடக்க முடியவில்லை. விளக்கோடு இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தோபான் வரை இறக்கியபின்தான் தெளிந்தான். உள்ளூர்க்காரனுக்கு உயரம் என்ன செய்யும் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அவன் ஊர் தாழ்ந்த பள்ளத்தாக்கில், எங்களைப் போலவே அவனுக்கும் அந்த உயரம் புதிது.

லேக் லாக்யோவுக்குப் பூண்டு சூப், வாயில் போட்டு மெல்லத் திமுர் எனும் மலைமிளகு என்று விடுதிகளில் வைத்தியம் சொல்வார்கள். குடிப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி மேலே ஏறாதீர்கள். நிச்சயமான மருந்து இறங்குவது. மருந்து மாத்திரை பற்றி நான் பேச மாட்டேன், கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளச் சொற்கள் மூன்று: டாவுக்கோ துக்யோ தலைவலி, ரிங்கட்டா லாக்யோ தலைசுற்றல், வாக்வாக்கி லாக்யோ குமட்டல். வாக்கிய அமைப்பு நமக்குச் சுலபம். 'மலாய்' என்றால் எனக்கு. மலாய் போக் லாக்யோ, எனக்குப் பசிக்கிறது. மலாய் ஜாடோ லாக்யோ, எனக்குக் குளிருகிறது. பசியும் குளிரும் நம்மைத் தேடி வந்து பிடிப்பதாகத்தான் இரண்டு மொழியிலும் பேச்சு, அதனால் 'மலாய்' போட்டு 'லாக்யோ'வில் முடித்தால் பாதி நேபாளி வந்துவிடும்.

தொலைவு கேட்கும்போது கிலோமீட்டரில் கேட்காதீர்கள், 'கத்தி கண்ட்டா லாக்ச்சா?', எத்தனை மணி நேரம், என்று கேளுங்கள். வருகிற பதில் அவருடைய காலுக்கு. எங்கள் குழுக்களுக்கு அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. 'ஆயிபுக்யோ', இதோ வந்துவிட்டது, என்று சொன்னால் மட்டும் எதையும் பெருக்க வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ஆளுக்கு ஆறுதலாகச் சொல்வது அது, ஊர் இன்னும் இரண்டு வளைவுக்கு அப்பால் இருக்கும். பக்கத்தில் சௌத்தாரி இருந்தால் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.